'நாங்கள்' நான்காம் பத்திக்குப் போகட்டும்

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நெருங்கினால், தேக்கா கடைக்காரர்களிடம் ஆதரவு கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். முதலில் வாங்குபவர் கல்லாவில் இருப்பவர். முதலாளி கைக்குப் போனதும், அவர் நின்றபடியே முதல் நான்கைந்து வரிகளைப் பார்ப்பார். அதற்குள் தம் கடைக்கு என்ன பயன் என்று தெரியாவிட்டால், கடிதம் மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

வானொலியில் விளம்பரங்களுக்கு எழுதிப் பழகியவள் என்பதால் இப்படிப்பட்ட கடிதங்கள் சில திருத்தத்துக்காக என்னிடம் வருவதுண்டு. அப்படி ஒன்றை ஓர் இளையர் குழுவைச் சேர்ந்த தம்பி கொண்டுவந்தார். தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி. தேவை 3,000 வெள்ளி. கேட்கப்போவது ஒரு நகைக்கடையிடம்.

மொத்தம் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் குழுவின் வரலாறு, அடுத்ததில் நோக்கம், மூன்றாவதில் செலவுப் பட்டியல். நான்காம் பக்கத்தின் அடியில்தான் 'உங்கள் சின்னம் பதாகையில் இடம்பெறும்' என்று ஒரு வரி. 'நாங்கள்', 'எங்கள்' என்ற சொற்களை அடிக்கோடிடச் சொன்னேன். 31 வந்தன. 'நீங்கள்', 'உங்கள்' நான்குதான்.

"அக்கா, நாம யாருன்னு சொல்லாம எப்படிக் காசு கேக்கிறது?" என்றார் தம்பி.

சொல்லத்தான் வேண்டும். ஆனால், கடைக்காரர் தொடர்ந்து படிக்கலாம் என்று முடிவெடுத்த பிறகு சொல்லலாம்.

நகைக்கடையின் நாள்காட்டியைப் பார்த்தோம். அட்சய திருதியை ஏப்ரல் பிற்பாதியிலோ மே முற்பாதியிலோ வரும். அதற்காகக் கடை எப்படியும் விளம்பரம் செய்யும். போட்டி நடப்பது ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை. சென்ற ஆண்டின் வருகைப் பதிவில் பெற்றோர், தாத்தா பாட்டி எல்லாரையும் சேர்த்து 180 பேர் இருந்தார்கள். நகைக்கடை தேடும் குடும்பங்கள் இவைதான். ஆகவே, கடிதத்தின் தொடக்கம் இப்படி மாறியது:

"அட்சய திருதியைக்கு முன் வரும் ஒரு சனிக்கிழமை மாலை, ஏறத்தாழ 180 பேர் குடும்பத்தோடு மூன்று மணி நேரம் ஒரே அரங்கில் இருப்பார்கள். அவர்கள் முன்னிலையில் உங்கள் கடையின் பெயர் தாங்கிய வெற்றிக் கிண்ணத்தை நீங்களே வழங்கலாம்."

இரண்டாம் பத்தியில் பயன்களை எண்ணிச் சொன்னோம். நெறியாளர் கடையின் பெயரை மூன்று முறை சொல்வார். நுழைவாயிலில் ஒரு மேசை, அங்கே கடை ஊழியர் இருவர். மேசை போட அரங்கம் அனுமதிக்குமா என்று கேட்டுக்கொண்ட பிறகே அந்த வரியை எழுதினோம். மூன்றாம் பத்தியில் தொகை. நான்காம் பத்தியில் குழுவைப் பற்றி இரண்டு வரியும் செலவுக் கணக்கும்: அரங்கம் 1,200, ஒலியமைப்பு 600, பரிசுகள் 700, உணவு 500. எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டன.

பயனை முன்னால் வைக்கும் ஆர்வத்தில் நம்முடையதல்லாததையும் கொடுப்பதாக எழுதிவிடுவோம். தம்பி அப்படி இரண்டைச் சேர்த்திருந்தார். ஒன்று, பெற்றோரின் தொலைபேசி எண் பட்டியல். போட்டிக்காகக் கொடுத்த எண்களை அவர்களின் சம்மதமின்றிக் கடைக்குத் தருவதைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்காது. அதற்குப் பதிலாக, விரும்புவோர் மேசையில் தாங்களே எண்ணை எழுதித் தந்து ஒரு தள்ளுபடிச் சீட்டைப் பெறலாம் என்று மாற்றினோம். மற்றொன்று, 'வரிக்கழிவு உண்டு' என்ற வரி. நன்கொடைக்கான இரண்டரை மடங்கு வரிக்கழிவு, ஐபிசி தகுதி பெற்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். இந்தக் குழுவுக்கு அந்தத் தகுதி இல்லை. வரியை அடித்துவிட்டோம்.

கடை உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி, "180 பேர்னு எப்படிச் சொல்றீங்க?" தம்பி வருகைப் பதிவில் இருந்த எண்ணிக்கையைக் காட்டினார். 2,000 வெள்ளி தர ஒப்புக்கொண்டார்கள். தொகை குறைந்ததால் நுழைவாயில் மேசையைப் பட்டியலிலிருந்து எடுத்து, அதை மற்றொரு கடைக்கு 1,000 வெள்ளிக்குக் கொடுக்கலாம் என்று முடிவுசெய்தோம். தொகை குறைந்தும் பயன்களை அப்படியே விட்டால், முழுத் தொகை என்று நாம் எழுதியதற்கு மதிப்பில்லாமல் போகும். மேசை மாறியதால் தள்ளுபடிச் சீட்டும் அதனோடு போனது.

கடிதத்தின் கடைசி வரியாக ஒன்றைச் சேர்த்தோம்: 'நிகழ்ச்சி முடிந்து இரண்டு வாரத்தில் வருகை எண்ணிக்கையும் படங்களும் உங்களிடம் இருக்கும்.' 120 பேர்தான் வந்தால் 120 என்றே எழுத வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஆண்டுக் கடிதத்தின் முதல் வரி அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.