அக்கி வந்து போனவருக்கு எதற்குத் தடுப்பூசி? போடுவதென்றால் எப்போது?

"அதான் ஒரு தடவை வந்துட்டுப் போயிடுச்சே, இனிமே எதுக்கு ஊசி?" வீட்டில் யாருக்காவது அக்கி வந்து குணமான பிறகு தடுப்பூசி பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அம்மை ஒரு தடவை போட்டால் பெரும்பாலும் மறுபடி போடாது என்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கணக்கு அக்கிக்குச் சரிவராது.

சின்னம்மை சரியானதும் அதன் வைரஸ் உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வயது ஏறி நோய் எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஏதோ ஒரு நரம்பு வழியே வெளியே வருகிறது. அதுதான் அக்கி. அது ஆறிய பிறகும் வைரஸ் அங்கேயேதான் இருக்கிறது. அதாவது, ஒருமுறை வந்ததால் கதை முடிந்துவிடவில்லை.

அப்படியானால் மறுபடி வருமா? அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அக்கி வந்த சுமார் 1,700 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். 8 ஆண்டுகளில் ஏறக்குறைய 6 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்திருந்தது. முதல் தடவை வலி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தவர்களுக்கும் பெண்களுக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பதறிப்போக வேண்டிய எண் இல்லை. அதற்காக அலட்சியம் செய்கிற எண்ணும் இல்லை.

ஊசி உண்மையில் உதவுமா?

இந்தியாவில் 2023 முதல் கிடைக்கும் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி 50 வயதைத் தாண்டியவர்களுக்கானது. இதில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் ஒரு புரதமும், எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் ஒரு துணைப்பொருளும்தான் இருக்கின்றன. அதனால் ஊசியாலேயே அக்கி வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

விளம்பரங்களில் பார்க்கும் ' 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு' பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த எண் வந்த பெரிய ஆய்வுகளில், முன்பே அக்கி வந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. ஆகவே அதே எண்ணை அப்படியே உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பொருத்த முடியாது. பிறகு, அக்கி வந்து குணமான 96 பேருக்கு இதைப் போட்டுப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில் சுமார் 90 சதவீதம் பேரின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் நன்றாக உயர்ந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஊசி போட்டவர்களுக்கு அக்கி திரும்புவது போலி ஊசி போட்டவர்களைவிட அதிகமாக இல்லை என்றும் உறுதியானது. உடம்பு நன்றாகப் பதில் கொடுக்கிறது, ஆபத்தும் கூடவில்லை. எத்தனை சதவீதம் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் போட்டுக்கொள்ள இது போதும் என்பது என் கருத்து.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். இது வராமல் தடுக்கிற ஊசி. இப்போது இருக்கும் கொப்புளத்தையோ, ஆறிய பிறகும் எரிகிற நரம்பு வலியையோ இது குறைக்காது. அதற்கு மருந்துகள் வேறு.

எவ்வளவு நாள் காத்திருப்பது?

குழப்பமே இங்கேதான். அமெரிக்காவின் சி.டி.சி. குறிப்பிட்ட கால இடைவெளி எதையும் சொல்வதில்லை. கொப்புளங்கள் ஆறி, நோயின் கடுமை தணிந்திருந்தால் போதும் என்கிறது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் ஆரோக்கியமானவர்களை ஒரு வருடம் காத்திருக்கச் சொல்கின்றன. யார் சொல்வது சரி?

இரண்டும் சரிதான், கேள்விதான் வேறு. எப்போது போட்டால் பாதுகாப்பு என்பதற்கு சி.டி.சி. பதில் சொல்கிறது. எப்போது போட்டால் பலன் அதிகம் என்பதற்கு மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள். அக்கி வரும்போது உடம்பு அந்த வைரஸோடு நேருக்கு நேர் மோதுகிறது. அந்த மோதலே ஒரு பூஸ்டர் மாதிரி. கொஞ்ச காலத்துக்கு எதிர்ப்புச் சக்தி தானாகவே உயர்ந்து நிற்கும். அப்போதே ஊசி போட்டால் கெடுதல் இல்லை, பெரிய லாபமும் இல்லை.

58 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேறு பெரிய நோய் இல்லை. ஜனவரி 10-ஆம் தேதி இடது விலாவில் கொப்புளம் வந்தது, பிப்ரவரி முதல் வாரத்தில் பொருக்கு உதிர்ந்துவிட்டது. சி.டி.சி. கணக்குப்படி பிப்ரவரி கடைசியிலேயே போடலாம். கனடா கணக்குப்படி அடுத்த ஜனவரி. இவர் அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வருடம் கழித்து வலி மறந்திருக்கும், ஊசியும் மறந்துபோகும். தள்ளிப்போட்டு விட்டுவிடுவதைவிட, ஆறு மாதம் தாண்டியதும் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். ஜூலையிலேயே போன் காலண்டரில் ரிமைண்டர் வைத்துவிடுங்கள்.

இதே அம்மா முடக்குவாதத்துக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் கதையே மாறும். அக்கி திரும்பும் வாய்ப்பு அவருக்கு அதிகம், ஒரு வருடம் காத்திருக்க முடியாது. இப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்திரேலியா மூன்று மாதத்திலேயே போடலாம் என்கிறது. கீமோதெரபியோ உறுப்பு மாற்று சிகிச்சையோ வரப்போகிறதென்றால், அதற்கு முன்பே போட முடியுமா என்று சிகிச்சை தரும் டாக்டரிடம் கேளுங்கள்.

கொப்புளம் ஆறியும் நரம்பு வலி விடவில்லையா? அறிகுறிகள் முழுக்க நின்ற பிறகே போடச் சொல்கிறது பிரிட்டிஷ் வழிகாட்டுதல். இதையும் டாக்டரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில், வந்தது அக்கிதானா?

நம் ஊரில் பலவித கொப்புளங்களுக்கும் 'அக்கி' என்று பெயர். குயவர் வீட்டில் காவி வைத்து எழுதி வாங்கி, பத்து நாளில் சரியானால் எல்லாமே அக்கிதான். (உண்மையான அக்கியும் பலருக்கு இரண்டு, மூன்று வாரங்களில் தானாக ஆறிவிடும். எழுதினால் போய்விடுகிறது என்ற நம்பிக்கைக்கு இதுவும் ஒரு காரணம்.) ஆனால் ராத்திரி ஒரு சின்ன வண்டு மேலே நசுங்கியதால் கோடு மாதிரி வெந்துபோன தோலையும் அக்கி என்கிறோம். அதற்கும் இந்தத் தடுப்பூசிக்கும் சம்பந்தமே இல்லை.

நிஜ அக்கியில் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள் முன்பே எரிச்சலோ வலியோ தொடங்கும். பிறகு உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் வரும், நடுக்கோட்டைத் தாண்டாது. 'எனக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒரே இடத்துல அக்கி வருது' என்பவருக்கு ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறு வைரஸ் காரணமாக இருக்கலாம். கொப்புளம் இருக்கும்போதே டாக்டரிடம் காட்டினால் அதிலிருந்து மாதிரி எடுத்து எதுவென்று கண்டுபிடித்துவிடலாம். உண்மையிலேயே அக்கிதான் அடிக்கடி வருகிறதென்றால், ஊசிக்கு முன்பு எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

30 வயதில் அக்கி வந்து போன ஆரோக்கியமானவர் என்றால், இந்த ஊசிக்கு நீங்கள் இப்போது அலைய வேண்டாம் என்பேன்.

போடுவதென்று முடிவானால், இரண்டு டோஸ். இடையில் இரண்டு முதல் ஆறு மாதம். ஒரு டோஸ் விலையே ஐந்து இலக்கத்தில் இருப்பதால் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டு முதலாவதைப் போடுங்கள். கை வலி, காய்ச்சல், உடம்பு அசதி இரண்டு, மூன்று நாள் இருக்கலாம், அதனால் வெள்ளிக்கிழமை மாலை போடுவது வசதி. இரண்டாவது டோஸ் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்டதை மட்டும் போட்டால் போதும்.