கொல்கத்தா பேய்

2025 அக்டோபரில் டெல்லியில் நடந்த டெஸ்டில் இந்தியா 5 விக்கெட்டுக்கு 518 எடுத்து டிக்ளேர் செய்தது. மேற்கிந்தியத் தீவுகள் 248-க்குச் சுருண்டது. முன்னிலை 270. கேப்டன் கில் பாலோ ஆன் கொடுத்தார். எதிரணி இரண்டாவது தடவை நின்று ஆடி 390 எடுத்துவிட்டது. நம் பவுலர்கள் தொடர்ச்சியாக ஏறத்தாழ 200 ஓவர் வீச வேண்டியதாயிற்று. உடனே புலம்பல் ஆரம்பித்துவிட்டது. "யார் இவரை பாலோ ஆன் கொடுக்கச் சொன்னது? பவுலர்களைக் கொன்றுவிட்டாரே!" நடைப்பயிற்சிப் பூங்காவில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் இதையேதான் சொன்னார்கள். இத்தனைக்கும் அந்த மேட்சில் இந்தியா 7 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது!

ஜெயித்த மேட்சுக்கே இந்தத் திட்டு என்றால், காரணம் டெல்லியில் இல்லை. கொல்கத்தாவில் இருக்கிறது.

2001 மார்ச், ஈடன் கார்டன்ஸ். ஆஸ்திரேலியா 445, இந்தியா 171. ஸ்டீவ் வா பாலோ ஆன் கொடுத்தார். அதற்குப் பிறகு லக்ஷ்மண் 281, டிராவிட் 180, இருவரும் சேர்ந்து 376 ரன். நான்காம் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. கங்குலி 657-க்கு 7 என்று டிக்ளேர் செய்தார். ஆஸ்திரேலியா 212-ல் அவுட். அன்று முதல் பாலோ ஆன் என்றாலே கேப்டன்களுக்கு ஒரு நடுக்கம். இதைத்தான் நான் கொல்கத்தா பேய் என்கிறேன்.

இந்தப் பேயை ஓட்டுவதுதான் இன்றைக்கு என் வேலை.

முதலில், ஸ்டீவ் வா செய்தது தப்பா? இந்தியாவின் முதல் இன்னிங்ஸ் முடிய 58 ஓவர்தான் ஆனது. அதாவது அவருடைய பவுலர்கள் களைத்துப் போயிருக்கவில்லை. முன்னிலை 274. விதிப்படி ஐந்து நாள் ஆட்டத்தில் 200 இருந்தாலே போதும். எதிரணி அப்போதுதான் சரிந்து விழுந்திருக்கிறது. இதைவிட நல்ல சமயம் எந்தக் கேப்டனுக்கு வாய்க்கும்? இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். கடைசி நாள் தேநீர் இடைவேளையின்போது ஆஸ்திரேலியா 3 விக்கெட் இழப்புக்கு 161. மீதி நேரம் கட்டை போட்டிருந்தாலே மேட்ச் டிரா. ஹர்பஜனும் டெண்டுல்கரும் அங்கிருந்து புகுந்து விளையாடினார்கள். தோற்றது அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தில். மூன்றாம் நாள் எடுத்த முடிவில் அல்ல.

டெஸ்ட் வரலாற்றில் பாலோ ஆன் வாங்கிய அணி ஜெயித்தது மொத்தமே நாலு முறைதான். சிட்னி 1894, ஹெடிங்லி 1981, கொல்கத்தா 2001, வெலிங்டன் 2023. இதில் சிட்னியைக் கணக்கில் சேர்ப்பதே நியாயமில்லை. அந்தக் காலத்தில் பாலோ ஆன் கட்டாயம். கேப்டனுக்கு விருப்பம் என்ற பேச்சே கிடையாது. 1900-ல்தான் அந்த உரிமை வந்தது. ஆக, ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிரக்கணக்கான டெஸ்ட்களில் மூன்றே மூன்று முறை. இதற்குப் பயந்து ஒரு நல்ல ஆயுதத்தை உறையிலேயே வைத்துக்கொள்வதா?

பயத்தின் விலை என்ன என்று கேட்பீர்கள். 2007 ஓவல் டெஸ்ட்டைச் சொல்கிறேன். கொல்கத்தாவில் 180 அடித்த அதே டிராவிட்தான் கேப்டன். இந்தியா 664, இங்கிலாந்து 345. முன்னிலை 319. நான்காம் நாள் காலை, கையில் ஏறக்குறைய இரண்டு முழு நாள். டிராவிட் பாலோ ஆன் கொடுக்கவில்லை. நாமே மறுபடி பேட் செய்தோம். 11 ரன்னுக்குள் 3 விக்கெட் போயிற்று. கேப்டன் 96 பந்தில் 12 ரன். 58 ஓவரில் 180 எடுத்து டிக்ளேர் செய்து, 500 ரன் இலக்கு வைத்தோம். இங்கிலாந்து 110 ஓவர் ஆடி 6 விக்கெட்டுக்கு 369. டிரா.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அதே 369-க்கு 6 என்பது பாலோ ஆனில் வந்திருந்தால், இங்கிலாந்து வெறும் 50 ரன்தான் முன்னால் இருந்திருக்கும். நாம் பேட் செய்து செலவழித்த அந்த 58 ஓவர் நம் கையில் மிச்சம் இருந்திருக்கும். நாலு விக்கெட் எடுத்து, ஒரு சின்ன இலக்கைத் துரத்த அது தாராளம்.

டிராவிட் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. நான்கே பவுலர்கள், முதல் இன்னிங்ஸில் 100 ஓவருக்கு மேல் வீசிவிட்டார்கள். ஓய்வு இல்லாமல் மறுபடி வீசியிருந்தால் அந்த 6 விக்கெட்டும் விழுந்திருக்குமா என்று கேட்கலாம். தவிர, தொடரில் 1-0 என்று முன்னிலை, டிரா போதும். 21 வருடம் கழித்து இங்கிலாந்தில் தொடரை ஜெயித்தோம், உண்மை. ஆனால் ஓய்வுதான் காரணம் என்றால், அடித்து ஆடி 30 ஓவரில் முடித்திருக்க வேண்டாமா? 96 பந்தில் 12 ரன் என்பது ஓய்வல்ல, பயம்.

டிக்ளேர் செய்வதிலும் இதே வியாதிதான். 2009 வெலிங்டனில் முன்னிலை 182. பாலோ ஆனுக்கு வழியில்லை. மறுபடி பேட் செய்தது சரி. ஆனால் மூன்றாம் நாள் முடிவிலேயே முன்னிலை 500-ஐத் தாண்டிவிட்டது. நாலாவது இன்னிங்ஸில் உலகில் எந்த அணியும் 418-க்கு மேல் துரத்தி ஜெயித்ததில்லை. அப்படியும் தோனி நான்காம் நாளும் பேட்டிங்கைத் தொடர்ந்து, 617 இலக்கு வைத்தார். கடைசி நாள் நியூசிலாந்து 281-க்கு 8 என்று தத்தளித்தபோது மழை வந்தது. இரண்டு விக்கெட் பாக்கி, மேட்ச் டிரா. தேவைக்கு மேல் சேர்த்த நூறு ரன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த ரன்னுக்குச் செலவான ஓவர்கள்தான் நமக்குத் தேவைப்பட்டன.

பாலோ ஆன், டிக்ளேர் இரண்டும் வேறு வேறு கேள்வி அல்ல. ஐந்து நாளில் சுமார் 450 ஓவர். அதற்குள் 20 விக்கெட் எடுக்க வேண்டும். ரன்னைச் சேர்த்துக்கொண்டே போகலாம், போன ஓவர் திரும்பாது.

பாலோ ஆன் எப்போதும் கொடுத்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2016 விசாகப்பட்டினத்தில் முன்னிலை சரியாக 200. நம் பவுலர்கள் 100 ஓவருக்கு மேல் வீசியிருந்தார்கள். பிட்ச் நாளுக்கு நாள் மோசமாகும் வகை, நேரமும் நிறைய இருந்தது. கோலி பாலோ ஆன் கொடுக்காமல் மறுபடி பேட் செய்தார். வெறும் 204-க்கு அவுட் ஆனாலும், இங்கிலாந்தை 158-க்குச் சுருட்டி 246 ரன்னில் ஜெயித்தோம். அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. எத்தனை ஓவர் பாக்கி, பவுலர்கள் எத்தனை ஓவர் வீசியிருக்கிறார்கள், பிட்ச் உடைகிறதா செத்துக் கிடக்கிறதா, வானம் எப்படி? இந்த நாலைக் கேட்டுவிட்டு எந்தப் பக்கம் போனாலும் நான் கேப்டனைக் குறை சொல்ல மாட்டேன்.

டெல்லியில் கில்லின் கணக்கையும் பாருங்கள். முதல் இன்னிங்ஸில் பவுலர்கள் வீசியது 82 ஓவர். முன்னிலை 270, இரண்டரை நாள் பாக்கி. பிட்ச் செத்த பிட்ச். அதில் விக்கெட் எடுக்க எவ்வளவு நேரம் கிடைத்தாலும் போதாது. எதிரணி 390 எடுத்தும் நமக்குத் தேவைப்பட்டது 121 ரன்தான். பவுலர்களுக்குக் கால் வலித்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாம் நாள் காலையிலேயே மேட்ச் முடிந்துவிட்டது. வலிக்கு மருந்து போட அன்று மத்தியானம் முழுக்க இருந்ததே!