18% கொடுத்த ஃபண்டைவிட 15% கொடுத்தது எப்படி மேல்? ஷார்ப் ரேஷியோ சொல்வது என்ன?

மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடும் முன் நம்மில் பலர் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான்: கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை சதவீதம் லாபம்? ஆனால் அந்த லாபம் நிதானமாக வந்ததா, தூக்கித் தூக்கிப் போட்டு வந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.

ஈக்விட்டி ஃபண்டுகள் லாபத்தோடு, ரிஸ்க்கையும் கணக்கில் எடுக்கும் 'இன்ஃபர்மேஷன் ரேஷியோ'வையும் வெளியிட வேண்டும் என்று 2025 ஜனவரியில் செபி உத்தரவிட்டது. அதே வகையில் இன்னும் எளிதாகப் புரியக்கூடியது ஷார்ப் ரேஷியோ. அமெரிக்கப் பொருளாதார நிபுணர் வில்லியம் ஷார்ப் 1966-ல் முன்வைத்த அளவு இது.

இரண்டு ஃபண்ட், ஒரு கணக்கு

ஓர் உதாரணம். 'அ' ஃபண்டின் சராசரி ஆண்டு லாபம் 18%. 'ஆ' ஃபண்டின் லாபம் 15%. மேலோட்டமாகப் பார்த்தால் 'அ'தான் ஜெயித்தது.

இப்போது ஃபேக்ட்ஷீட்டில் 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' என்ற வரியைப் பாருங்கள். சராசரியிலிருந்து லாபம் எவ்வளவு மேலும் கீழும் ஆடுகிறது என்பதே அது. 'அ'வுக்கு 24, 'ஆ'வுக்கு 12 என்று வைத்துக்கொள்வோம்.

இதற்கு என்ன அர்த்தம்? தோராயமாக, மூன்றில் இரண்டு ஆண்டுகள் 'அ'வின் லாபம் மைனஸ் 6 முதல் 42 சதவீதத்துக்குள் இருக்கும். 'ஆ'வுக்கு அது 3 முதல் 27 சதவீதம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 5 லட்சம் ரூபாய் போட்டு, அடுத்த ஆண்டே எடுக்க வேண்டிய நிலை என்றால், அந்த எல்லையின் அடிப்பக்கத்தில் 'அ' 4.70 லட்சம் தரும், 'ஆ' 5.15 லட்சம் தரும். மோசமான ஆண்டில் இரண்டுமே இதற்கும் கீழே போகலாம்.

ஷார்ப் எங்கே வருகிறது?

எந்த ரிஸ்க்கும் எடுக்காமலேயே 6% வட்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் கிடைப்பதுதான் ரிஸ்க் எடுத்ததற்கான கூலி. 'அ'வுக்கு அது 12, 'ஆ'வுக்கு 9. 'அ' 24 அளவு ஆடி 12 சம்பாதித்தது, அதாவது ஒரு பங்கு ஆட்டத்துக்கு அரைப் பங்கு கூலி. 'ஆ'வுக்கு முக்கால் பங்கு. ஃபேக்ட்ஷீட்டில் இவை 0.50, 0.75 என்று இருக்கும்.

"எனக்கு 18% போதும், ஆட்டம் பரவாயில்லை" என்கிறீர்களா? இப்படிப் பாருங்கள். பாதிப் பணத்தை 'அ'விலும் பாதியை அந்த 6% வட்டியிலும் போடுகிறீர்கள். ஆட்டம் 12 ஆகக் குறைந்துவிடும். லாபம் 12% ஆகும். அதே அளவு ஆடும் 'ஆ'வோ 15% தருகிறது. ஒரே ரிஸ்க்குக்கு 3% கூடுதல். ஷார்ப் ரேஷியோ அளப்பது இதைத்தான்.

எங்கே ஏமாற்றும்?

முதலாவது, ஸ்மால்கேப் ஃபண்டை ஸ்மால்கேப்போடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் ஒரே மாதத்து ஃபேக்ட்ஷீட்டை வைத்து. பெரும்பாலும் மூன்று ஆண்டு எண்களை வைத்தே இது கணக்கிடப்படுவதால், சந்தை ஏறிய மூன்று ஆண்டுகளில் கிட்டத்தட்ட எல்லா ஃபண்டும் கெட்டிக்கார ஃபண்டாகத் தெரியும்.

இரண்டாவது, ஷார்ப் ஜீரோவுக்குக் கீழே போய்விட்டால் ஒப்பிடாதீர்கள். இரண்டு ஃபண்டும் ஒரே அளவு நஷ்டம் கண்டிருந்தால், அதிகம் ஆடிய ஃபண்ட்தான் நல்லதுபோலத் தெரியும்.

மூன்றாவதுதான் பெரியது. ஷார்ப்புக்கு ரிஸ்க் என்றால் ஆட்டம் மட்டுமே. அதிகம் விற்று வாங்கப்படாத, தரம் குறைந்த கடன் பத்திரங்களை வைத்திருக்கும் ஃபண்டின் என்ஏவி தினமும் அமைதியாக ஏறும். ஆட்டமே இருக்காது, அதனால் ஷார்ப்பும் அழகாக இருக்கும். ஆனால் ஆபத்து உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் இந்தியாவில் தன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தது நினைவிருக்கும். கோவிட் நேரத்தில் முதலீட்டாளர்கள் பணம் கேட்டார்கள். ஃபண்டிடம் இருந்த பத்திரங்களை வாங்க ஆள் இல்லை. சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியது. பணம் பிறகு தவணை தவணையாகத் திரும்பி வந்தாலும், தேவைப்பட்ட நாளில் கைக்கு வரவில்லை. இந்த வகை ரிஸ்க்கை ஷார்ப் காட்டாது.

ஆகவே, ஒரே வகை ஈக்விட்டி ஃபண்டுகளில் இரண்டுக்கு நடுவே குழம்பும்போது ஷார்ப்பைப் பாருங்கள். கடன் ஃபண்ட் என்றால், ஷார்ப்புக்கு முன்னால் அதே ஃபேக்ட்ஷீட்டில் எந்தெந்த நிறுவனங்களின் பத்திரங்கள், என்ன ரேட்டிங் என்ற பட்டியலைப் படித்துவிடுங்கள்.