தியவன்னாவில் தலைகீழாகத் தெரிவது என்ன?

பாராளுமன்றக் கட்டடம் எண்டாலே எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது ஒரே படம்தான். அசையாத தண்ணீர், அதில் தலைகீழாகச் செப்புக் கூரைகள், மேலேயும் கீழேயும் வானம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இந்தப் படத்தைக் காட்டி 'அமைதி', 'அடக்கம்', 'சனநாயகம்' எண்டு உருகுவார்கள். கட்டடம் அழகு. அதில் எங்களுக்கும் சந்தேகமில்லை. அந்த அழகைச் சனநாயகத்துக்குச் சாட்சியாக நிறுத்துவதைத்தான் நாங்கள் ஏற்கமாட்டோம்.

முதல் விசயம், கட்டடம் ஏற்கெனவே இருந்த ஏரிக்குப் பக்கத்தில் வந்து அடக்கமாகக் குந்தவில்லை. கோட்டேயின் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, கட்டடத்துக்கு நடுவில் ஒரு தீவை விட்டார்கள். கண்ணாடியும் கட்டடத்தோடு சேர்த்துச் செய்யப்பட்டதுதான்.

இரண்டாவது, தண்ணீர் எல்லாக் கோணத்திலும் கண்ணாடியாக இராது. தூரக் கரையில் நிண்டு சாய்வாகப் பார்த்தால் வெளிச்சத்தின் பெரும்பங்கு மேற்பரப்பில் பட்டுத் திரும்பும். கூரை அப்படியே தெரியும். காலடியில் குனிந்து நேரே கீழே பார்த்தால் நூற்றுக்கு இரண்டு பங்குதான் திரும்பி வரும். அப்ப கூரையும் இல்லை, வானமும் மங்கல். தெரிகிறது கலங்கலும் சேறும்தான். அதாவது, நம்ப வைக்கிற அந்த விம்பத்துக்குத் தூரம் வேணும். தூரத்தைத் தருகிறதும் அதே ஏரிதான். தீவுக்குப் போக ஒரு ஒடுங்கிய பாதை. அதை மறிக்கக் கொஞ்சப் பொலிசும் வேலியும் காணும்.

இனி உள்ளே பார்ப்பம். மக்களின்ர பிரதிபலிப்புத்தானே பாராளுமன்றம் எண்டு படித்தோம்? கட்டடம் திறந்தது 1982 ஏப்ரலில். அதே ஆண்டு டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்து, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார்கள். அடுத்த வருடம் யூலைக் கலவரம். ஓகஸ்டில் ஆறாவது திருத்தம்: தனிநாட்டை ஆதரிப்பதில்லை எண்டு சத்தியம் செய்யாதவருக்கு ஆசனம் இல்லை. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் அந்தச் சத்தியத்தைச் செய்யவில்லை, ஆசனங்களை இழந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கமும் அதில் ஒருவர். திறந்து இரண்டு வருடம் முடிய முதலே, வடக்குக் கிழக்கில் பெரும்பாலான தமிழர் தெரிவுசெய்த ஆட்கள் அந்தச் சபையில் இல்லை.

அந்த நாட்களிலும் கரையில் நிண்டு பார்த்தவருக்குக் கூரைகள் தண்ணியில் ஒழுங்காகத்தான் தெரிந்திருக்கும். வெற்று ஆசனங்களை எந்த ஏரியும் காட்டாது.

பாவாவில் பழியைப் போட நாங்கள் வரவில்லை. படத்தை இரசியுங்கோ. ஆனால் அதற்குக் கீழே 'சனநாயகத்தின் கண்ணாடி' எண்டு எழுதாதேங்கோ. எழுதத்தான் வேணும் எண்டால் 1982ஐயும் 1983ஐயும் சேர்த்து எழுதுங்கோ.