புது டிவியில் சினிமா ஏன் சீரியல் மாதிரி தெரிகிறது? அணைக்க வேண்டிய அந்த செட்டிங் எது?

55 அங்குல 4கே டிவி வீட்டுக்கு வந்தாச்சு. ஞாயிறு ராத்திரி பிடித்த படத்தைப் போட்டால், என்னமோ இடிக்கிறது. படம் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் ஹீரோ நடப்பது வழுக்கிக்கொண்டு போவது போலவும், தியேட்டரில் பிரம்மாண்டமாகத் தெரிந்த அரண்மனை வெறும் அட்டை செட் போலவும் தெரிகிறது. டிவியில் பழுது எதுவும் இல்லை. ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்ற வசதி ஆனில் இருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான டிவிகள் அப்படித்தான் கடைக்கே வருகின்றன.

அது என்ன செய்கிறது?

சினிமா பொதுவாக நொடிக்கு 24 ஃபிரேம்களில் எடுக்கப்படுகிறது. சாதாரண டிவி திரையோ நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஸ்மூத்திங் ஆனில் இருந்தால், டிவியின் சிப் அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களை ஒப்பிட்டு, நடுவில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துப் புது ஃபிரேம்களை உருவாக்கிச் செருகும். அதாவது ஒரு நொடியில் நாம் பார்க்கும் 60 ஃபிரேம்களில் குறைந்தது 36, கேமரா எடுக்காதவை.

சீரியல் நினைவு வருவதற்கும் காரணம் உண்டு. நம்மூர் சீரியல்கள் பல வருஷங்களாக, நொடிக்கு 50 முறை அசைவைப் பதிவு செய்யும் வீடியோ முறையில் எடுக்கப்பட்டன. அந்த வழுவழுப்பைக் கண் அடையாளம் வைத்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால், யாராவது கையை வேகமாக வீசும் காட்சியைப் பாருங்கள். விரல்களைச் சுற்றிப் பின்னணி கலங்கினால், ஸ்மூத்திங் ஆனில் இருக்கிறது.

எங்கே அணைப்பது?

ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பதுதான் சிக்கல். சாம்சங்கில் Picture, Expert Settings, Picture Clarity Settings என்று போக வேண்டும். எல்ஜியில் TruMotion, சோனியில் Motionflow. விலை குறைந்த ஆண்ட்ராய்டு டிவிகள் பலவற்றில் MEMC என்று இருக்கும். எதுவானாலும் Off-ல் வையுங்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. செட்டாப் பாக்ஸ் ஓடும்போது அணைத்துவிட்டு, ஓடிடி ஆப்பில் படம் போட்டால் பழைய கதைதான். பல டிவிகளில் இந்த செட்டிங் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனி. சாதாரண வீடியோ, HDR, Dolby Vision மூன்றுக்கும்கூடத் தனித்தனியாக இருக்கலாம். எனவே ஒவ்வொரு வகைப் படத்தையும் ஓடவிட்டு, அது ஓடும்போதே ஒருமுறை அணைத்துவிடுவது நல்லது.

கையோடு பிக்சர் மோடையும் Vivid-லிருந்து Cinema அல்லது Movie-க்கு மாற்றுங்கள். நீலம் பாய்ந்த வெள்ளை போய்விடும். முதல் இரண்டு நாள் திரை மஞ்சளாகத் தெரியும், பிறகு பழகிவிடும். Noise Reduction-ஐயும் அணையுங்கள். முகத்தின் சுருக்கங்களையும் பழைய படங்களின் மணல் போன்ற ஃபிலிம் புள்ளிகளையும் அழித்து, முகத்தை மெழுகு பொம்மை ஆக்குவது அதுதான்.

அணைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

முழுக்க இல்லை. 60-ஐ 24 சரியாக வகுக்காது. அதனால் ஒரு ஃபிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று திரையில் வரும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் லேசாகத் திக்கும். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக ஐந்து முறை வருவதால் இந்தத் தொல்லை குறையும். அப்படியும் கண்ணை உறுத்தினால், ஸ்மூத்திங்கை ஆகக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளலாம். கிரிக்கெட்டுக்கு வழுவழுப்பு பிடித்திருந்தால், ஸ்போர்ட்ஸ் மோடில் மட்டும் விட்டுவைக்கலாம்.

யார் பொறுப்பு?

வழுவழுப்பு வேண்டுமென்று நினைக்கும் இயக்குநர் அப்படியே எடுக்கலாம். பீட்டர் ஜாக்சன் 2012-ல் ‘தி ஹாபிட்’ படத்தை நொடிக்கு 48 ஃபிரேம்களில் எடுத்தார். அது அவர் எடுத்த முடிவு. 24-ல் எடுத்தவரின் முடிவை டிவி மாற்றுவதுதான் பிரச்சினை. 2018-ல் டாம் க்ரூஸ், இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியுடன் சேர்ந்து, இதை அணைக்கச் சொல்லி வீடியோவே வெளியிட்டார். 2019-ல் Filmmaker Mode அறிவிக்கப்பட்டது. அந்த வசதி உள்ள டிவியில் அதைத் தேர்ந்தெடுத்தால் ஸ்மூத்திங், கூடுதல் கூர்மை, Noise Reduction எல்லாம் ஒரே தட்டில் அணைந்துவிடும்.

ஆனாலும் அதைத் தேடிப் போய் ஆன் செய்யும் வேலை பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான். வைஃபை பாஸ்வேர்டு கேட்கும் டிவி, முதல் நாளே ‘படத்தை எடுத்தபடி காட்டவா, வழுவழுப்பாக்கிக் காட்டவா?’ என்று இன்னொரு கேள்வியும் கேட்கலாம். பிடித்தவர்கள் ஆன் செய்துகொள்ளட்டும். கேட்காமலேயே ஆன் செய்து அனுப்புவதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும்.