பட்டியல் வேண்டாம், ஒரு நிகழ்ச்சி போதும்

தெலுக் இந்தானில் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழாவை எண்ணிப் பாருங்கள். மேடைக்கு அழைக்கப்பட்ட பெரியவர் ஓரமாக நிற்கிறார். அறிவிப்பாளரான மாணவர் தாளைப் பார்த்து அவர் பிறந்த ஆண்டு, படித்த பள்ளி, வகித்த பதவிகள், பெற்ற பட்டங்கள் என வரிசையாக வாசிக்கிறார். ஐந்தாவது வரியிலேயே மண்டபத்தில் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. பெரியவருக்கோ எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. விழா முடிந்து வெளியே வருபவர்களிடம் கேட்டால், விருது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

நம் பேராக் மாநிலத்திலேயே வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் சிபில் கார்த்திகேசு. இவரை மேடையில் அறிமுகப்படுத்தும் பொறுப்பு உங்களுக்கு வந்திருந்தால் என்ன சொல்வீர்கள்?

பட்டியல் முறையில் இப்படி வரும்: 1899இல் பிறந்தவர், தாதி, மருத்துவச்சி, மருத்துவரான கணவருடன் ஈப்போவில் மருந்தகம் நடத்தியவர், கந்தோனிய மொழி அறிந்தவர், 1947இல் ஜார்ஜ் பதக்கம் பெற்றவர். இதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால், அவருக்கு ஏன் அந்தப் பதக்கம் என்பதற்கு இதில் பதிலே இல்லை.

இப்பொழுது இதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள்:

“ஜப்பானியர் ஆட்சிக் காலம். ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பான் சிற்றூரில், பெரிய தெருவின் 74ஆம் எண் வீட்டில் ஒரு தாதி இருந்தார். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து போராடியவர்கள் காயத்தோடு அவரை நாடி வந்தார்கள். இது தெரிந்தால் தம் குடும்பத்துக்கே ஆபத்து என்று அவர் அறிவார். ஆனாலும் மருந்திட்டார். 1943இல் அவரைப் பிடித்துச் சென்று வதைத்தார்கள். அவர் பேசவில்லை. அவருடைய சின்னஞ்சிறு மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். அப்பொழுதும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் பெறும் அவர்தாம் சிபில் கார்த்திகேசு.”

இதை நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். இதில் சிபில் பிறந்த ஆண்டு இல்லை. அவருடைய படிப்பும் இல்லை. பெயரைக்கூடக் கடைசியில்தான் சொல்கிறோம். யார் இவர் என்று மண்டபம் காத்திருக்கும் நேரத்தில் பெயர் வருவதால் கைதட்டலும் அங்கேயே எழுகிறது. விட்டுப்போன விவரங்களை நிகழ்ச்சி நிரல் புத்தகத்தில் அச்சிட்டுவிடலாம். வேண்டியவர்கள் அதில் படித்துக்கொள்வார்கள்.

எந்த நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது? விருது எதற்கோ அதைக் காட்டும் நிகழ்ச்சியே பொருத்தமானது. சிபில் கந்தோனிய மொழியில் நோயாளிகளோடு பேசியது சுவையான செய்திதான். ஆனால், வீரத்துக்கான பதக்கத்துக்கு அது பொருந்தாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சிபிலுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை மட்டும் சொன்னால் கேட்பவர்கள் பரிதாபப்படுவார்கள். வாய் திறந்தால் விடுதலை கிடைக்கலாம் என்ற நிலையிலும் அவர் மௌனத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லும்போதுதான் மரியாதை பிறக்கிறது. ஆகவே, உங்கள் விருந்தினர் தாமாக ஒரு முடிவெடுத்த தருணத்தைத் தேடுங்கள்.

அதைக் கண்டுபிடிக்க அவரிடமே பேச வேண்டும். “உங்கள் சாதனைகள் என்ன, ஐயா?” என்று கேட்டால் மீண்டும் பட்டியல்தான் கிடைக்கும். “இந்த வேலையை விட்டுவிடலாம் என்று எப்பொழுதாவது நினைத்தீர்களா? அன்று என்ன நடந்தது?” என்று கேளுங்கள். எழுதியதை விழாவுக்கு முன்பே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இதில் இரண்டு நன்மைகள் உண்டு. ஊரும் ஆண்டும் பெயரின் உச்சரிப்பும் தவறாக இருந்தால் அவரே திருத்திவிடுவார். மேலும், சிலர் தம் துன்பத்தையோ குடும்ப வறுமையையோ மேடையில் கேட்க விரும்பமாட்டார்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த நிகழ்ச்சியை விட்டுவிட வேண்டியதுதான். சிபில் தம் கதையைத் தாமே எழுதி வைத்தார். அவர் 1948இல் மறைந்த பிறகு, 1954இல் அது நூலாக வெளிவந்தது. அதனால்தான் நாம் அதைத் தயங்காமல் சொல்ல முடிகிறது.

கைதட்டலுக்காக நடக்காத ஒன்றைச் சேர்க்கும் ஆசையும் வரும். இருட்டு, மழை, கண்ணீர் எல்லாம் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். யாரும் சொல்லாததை நீங்கள் சேர்க்காதீர்கள். உண்மை தெரிந்த ஒருவர் மண்டபத்தில் கட்டாயம் இருப்பார். குறைந்தது, உங்கள் பக்கத்தில் நிற்கும் அந்தப் பெரியவருக்காவது அது தெரியும்.