தேங்க்ஸ் மச்சி... வாக்கு தவறினதுக்கு!

இந்த வாரம் நோ அட்வைஸ். ரொம்ப நாளா பாக்கி வச்சிருக்கிற ஒரு தேங்க்ஸை இங்கே எழுதிடறேன். நேர்ல சொன்னா, 'போடா, சீன் போடாத'ன்னு எழுந்து போயிடுவான். நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்குங்க. உங்க ஹாஸ்டல்லயும் என்னை மாதிரி ஒருத்தன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம்.

டேய் மச்சி,

2023 ஜூலையில நான் குளிக்கிறதைக்கூட விட்டுட்டேன். மொத்த ஹாஸ்டலும் 'லவ் ஃபெயிலியர்'னு முடிவு கட்டிடுச்சு. லவ்வே இல்ல, அப்புறம் எங்கேர்ந்து ஃபெயிலியர்? விடிகாலை 3 மணிக்கு முழிப்பு வந்துடும், அப்புறம் தூக்கம் வராது. டி.வி. ரூம்ல மேட்ச் ஓடும், ஸ்கோர் கேட்கக்கூடத் தோணாது. அழுகை வந்திருந்தா சோகம்னாவது சொல்லியிருக்கலாம். எனக்கு எதுவுமே வரலை. இப்படி 2 வாரத்துக்கு மேல தினமும் நீடிச்சா டாக்டரைப் பார்க்கணும்னு நம்ம ரெண்டு பேருக்குமே அப்போ தெரியாது.

ஆரம்பத்துல நீயும் சொதப்பினவன்தான். 'பாசிட்டிவா இருடா', 'ஜிம்முக்கு வாடா'ன்னு நீ சொல்லச் சொல்ல நான் போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். அப்புறம் எப்படியோ ரூட்டை மாத்தினே. சாயங்காலம் அஞ்சரைக்கு வந்து நிப்பே. "கீழ வரைக்கும் வா, டீ குடிச்சுட்டு ஏறிடலாம்." அவ்வளவுதான். வரலைன்னு சொன்னா டீயை ரூமுக்கே கொண்டு வந்து வச்சுட்டு, என் டேபிள்ல உட்கார்ந்து ரெக்கார்டு நோட் எழுதுவே. ஒரு வார்த்தை பேச மாட்டே. மறுநாள் அதே அஞ்சரை, அதே கேள்வி. 'மனசு சரியானதும் செய்யலாம்னு காத்திருக்காதீங்க, முதல்ல சின்னதா ஏதாவது செய்யுங்க, மனசு பின்னாடி வரும்'னு டாக்டர் பின்னாடி சொன்னப்போ, எனக்கு உன் டீதான் ஞாபகம் வந்துச்சு.

அப்புறம் அந்த செப்டம்பர் ராத்திரி. சுத்தி வளைக்காம கேட்டே: "செத்துடலாம்னு தோணுதாடா?"

அப்படிக் கேட்டா இல்லாத நினைப்பை நாமளே கிளப்பி விட்டுடுவோமோன்னு நிறைய பேருக்குப் பயம். அப்படி இல்ல ஃப்ரெண்ட்ஸ். எனக்குத் தலையில இருந்த மூட்டையை ஒருத்தன் கை கொடுத்து இறக்கின மாதிரி இருந்துச்சு. "ஆமா. யார்கிட்டயும் சொல்லாத"ன்னேன். நீயும் "சரி"ன்னே. என் ரூம் வாசல்லயே பாயை விரிச்சுப் படுத்தே. விடிஞ்சதும் என் அக்காவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டே!

துரோகின்னு திட்டினேன். 9 நாள் உன்கூடப் பேசலை. அந்த 9 நாளும் அஞ்சரைக்கு டீ வந்துச்சு.

அக்கா வந்து பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனா. ஓ.பி. சீட்டுக்கு வரிசையில நின்னது நீ. முதல் வாரம் மாத்திரையால குமட்டல்தான் மிச்சம், மனசுல ஒரு மாற்றமும் இல்ல. பலன் தெரிய சில வாரம் ஆகும்னு டாக்டர் சொல்லியிருந்தார். உங்க ரெண்டு பேர்கிட்டயும் இன்னொண்ணு சொன்னார்: 25 வயசுக்கு உட்பட்டவங்களை ஆரம்ப வாரங்கள்ல கூடுதலா கவனிக்கணும், படபடப்போ சாகணும்ங்கிற எண்ணமோ அதிகமானா உடனே கூட்டிட்டு வரணும். அதனால மாத்திரை அட்டை உன் பெட்டியில பூட்டியிருந்துச்சு. தினம் ராத்திரி ஒண்ணு எடுத்துக் கொடுப்பே. அஞ்சாவது வாரம் மெஸ்ல, "சாம்பார்ல உப்பே இல்லடா"ன்னு நான் கத்தினப்போ நீ ஏன் அப்படிச் சிரிச்சேன்னு இப்பத்தான் புரியுது.

ஜனவரியில 'நல்லாயிட்டேன்'னு நானே மாத்திரையை நிறுத்தினேன். தலை சுத்தல், மண்டைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி ஒரு உணர்வு. டாக்டர்கிட்ட செம டோஸ். நல்லான பிறகும் 6 மாசமாவது தொடரணுமாம், நிறுத்தும்போதும் அவர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணுமாம்.

ஒரு நாள் மட்டும் நீ வரலை. "இன்னிக்கு என்னால முடியலடா. பக்கத்து ரூம்காரன்கிட்ட சொல்லியிருக்கேன், அவன் வருவான்"னு மெசேஜ் அனுப்பினே. அன்னிக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா அப்படி அப்பப்போ இறக்கி வச்சதாலதான் உன்னால ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க முடிஞ்சுது. இல்லேன்னா நவம்பர்லயே நீயும் என் பக்கத்துல படுத்திருப்பே!

ஃப்ரெண்ட்ஸ், இவனை மாதிரி யாரும் பக்கத்துல இல்லேன்னா 14416-க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ். ராத்திரி 3 மணிக்கும் எடுப்பாங்க, இலவசம், தமிழ்லயே பேசலாம். உயிருக்கே ஆபத்துங்கிற நிலைமைன்னா போன்ல நிக்காம, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

மச்சி, மணி அஞ்சரை. கீழ வா. இன்னிக்கு டீ என் கணக்கு.